முக்கோணம் சொல்லாத குறி

பிளஸ் டூ கணக்கில் sin(cos⁻¹ x) என்ற கோவையைச் சுருக்கச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் ஒரு செங்கோண முக்கோணம் போடுவார்கள். அரை நிமிடத்தில் √(1−x²) என்று விடையும் வந்துவிடும். விடை சரிதான். ஆனால் அவர்களிடமே, "x குறை எண்ணாக இருந்தால் முக்கோணத்தின் ஒரு பக்கமே மைனஸ் ஆகிறதே, அப்போதும் இந்த விடை செல்லுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் விடைக்கு முன்னால் அவசரமாக ± போடுவார்கள். சிலர் மைனஸ் போடுவார்கள். சரியான விடையை எழுதிவிட்டு அதையே சந்தேகப்படும் இந்த இடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

முதலில் cos⁻¹ x என்றால் என்ன? அது ஒரு கோணம். எந்தக் கோணத்தின் கொசைன் x ஆக இருக்கிறதோ அந்தக் கோணம். மேலே உட்கார்ந்திருக்கும் அந்த −1 ஒரு அடுக்கு அல்ல. 1/cos x என்று அதைப் படித்துவிடக் கூடாது. இந்தக் குறியீட்டை 1813-இல் கொண்டுவந்தவர் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அறிஞர். sin² x என்பதில் 2 அடுக்கைக் குறிக்கும்போது, sin⁻¹ x என்பதில் −1 மட்டும் வேறொன்றைக் குறிப்பது மாணவர்களைக் குழப்பத்தானே செய்யும்? arccos என்று எழுதும் வழக்கம் இந்த வகையில் மேல் என்பது என் எண்ணம். ஆனால் நம் பாடநூலிலும் கால்குலேட்டர் பொத்தானிலும் இருப்பது cos⁻¹ தான், அதையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன்.

"கொசைன் x ஆக இருக்கும் கோணம்" என்று சொன்னால் மட்டும் போதாது. கொசைன் 1/2 ஆக இருக்கும் கோணம் 60° மட்டுமில்லை. 300°-க்கும் 420°-க்கும் −60°-க்கும் கொசைன் அதேதான். ஒரு கேள்விக்கு ஒரே பதில் இருந்தால்தான் அது சார்பு. அதனால் 0°-இலிருந்து 180° வரையுள்ள கோணங்களை மட்டும் எடுத்துக்கொள்வது என்று வைத்திருக்கிறார்கள். இந்த இடைவெளியில் கொசைன் 1-இலிருந்து −1 வரை இறங்கிக்கொண்டே போகிறது, எந்த மதிப்பும் இரண்டாவது முறை வருவதில்லை. இப்படிக் கிடைக்கும் ஒரே கோணத்துக்குத்தான் முதன்மை மதிப்பு என்று பெயர். cos⁻¹-இன் சார்பகம் −1 முதல் 1 வரை, வீச்சகம் 0° முதல் 180° வரை. பின்னால் வரப்போகும் எல்லாச் சிக்கலுக்கும் தீர்வு இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இனி முக்கோணம். கோணத்துக்கு θ என்று பெயர் வைப்போம்; அதாவது θ = cos⁻¹ x, ஆகவே cos θ = x. கொசைன் என்பது அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது. x என்பதை x/1 என்று எழுதிக்கொண்டால் அடுத்துள்ள பக்கம் x, கர்ணம் 1. பிதாகரஸ் தேற்றப்படி எதிர்ப்பக்கம் √(1−x²). சைன் என்பது எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது. கர்ணம் 1 என்பதால் விடை √(1−x²). x = 3/5 என்று போட்டால் எதிர்ப்பக்கம் 4/5. நமக்கு நன்றாகப் பழகிய 3, 4, 5 முக்கோணம்தான்.

இப்போது x = −3/5. நீளம் −3/5 உள்ள பக்கத்தை யாராலும் வரைய முடியாது. முக்கோணம் இங்கே கைவிடுகிறது, ஏனென்றால் செங்கோண முக்கோணத்தில் மற்ற இரு கோணங்களும் 90°-க்குக் குறைவானவை. நம் கோணமோ 90°-ஐத் தாண்டிவிட்டது. கால்குலேட்டரில் cos⁻¹(−0.6) போட்டால் ஏறத்தாழ 126.87° என்று வரும். இது இரண்டாம் கால்பகுதியில் இருக்கும் கோணம். அங்கே சைன் மிகை. அதே எண்ணுக்கு சைன் எடுத்தால் 0.8, அதாவது 4/5. மைனஸ் இல்லை.

தற்செயலாக அப்படி வந்துவிடவில்லை. 0°-இலிருந்து 180° வரை எந்தக் கோணத்தை எடுத்தாலும் சைன் சுழிக்குக் கீழே போவதே இல்லை. cos⁻¹ தரும் கோணம் எப்போதும் இந்த எல்லைக்குள்தான் விழும். எனவே x மிகையோ குறையோ, sin(cos⁻¹ x) = √(1−x²) என்பது அப்படியே நிற்கும். ± போடத் தேவையில்லை. போட்டால் தவறும்கூட, ஒரு சார்பு இரண்டு மதிப்பு தராது. முக்கோணம் நமக்குக் கொடுத்தது அளவை மட்டும். குறியைக் கொடுத்தது வீச்சகம்.

இதை வரைபடத்தில் பார்த்தால் இன்னும் தெளிவு. y = sin(cos⁻¹ x) என்று வரைந்தால் கிடைப்பது ஒரு அரைவட்டம். ஆதிப்புள்ளியை மையமாகவும் 1-ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தின் மேல்பாதி. வட்டத்தின் மேலுள்ள புள்ளியின் கிடைத்தூரம் cos θ, உயரம் sin θ. θ 0°-இலிருந்து 180° வரை நகரும்போது புள்ளி மேல்பாதியில் மட்டுமே வலமிருந்து இடமாகப் போகிறது. இடதுபக்கம் போனபின் கிடைத்தூரம் மைனஸ் ஆகிறது, உயரம் ஆகவில்லை.

இதே முக்கோணத்திலிருந்து tan(cos⁻¹ x) என்பதற்கும் விடை எடுக்கலாம்: எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் √(1−x²)/x. இங்கே x குறையானால் விடையும் குறை; இரண்டாம் கால்பகுதியில் டேன்ஜென்டும் குறை. பகுதியில் உள்ள x குறியைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. x = 0 மட்டும் கூடாது, அப்போது கோணம் 90°, அதற்கு டேன்ஜென்ட் கிடையாது.

இந்த இரண்டு விடைகளும் சுமுகமாக அமைந்துவிடுவதால், முக்கோணம் போட்டால் குறி தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை வளர்ந்துவிடுகிறது. அந்த நம்பிக்கை உடையும் இடம் tan(sec⁻¹ x).

செகன்ட் என்பது கர்ணத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தது. sec θ = x என்றால் கர்ணம் x, அடுத்துள்ள பக்கம் 1, எதிர்ப்பக்கம் √(x²−1). ஆக டேன்ஜென்ட் √(x²−1). முக்கோணத்தில் குற்றம் எதுவும் தெரியவில்லை. x = 2 போட்டுப் பார்த்தால் கோணம் 60°, டேன்ஜென்ட் √3, சூத்திரமும் √3. இத்தோடு நிறுத்தினால் தவறு கண்ணில் படாது. x = −2 போடுங்கள். செகன்ட் −2 என்றால் கொசைன் −1/2, கோணம் 120°. அதன் டேன்ஜென்ட் −√3. சூத்திரமோ √3 என்கிறது.

எங்கே தவறியது என்பதை முந்தைய விடையை வைத்தே பிடிக்கலாம். sec⁻¹ x என்பது cos⁻¹(1/x) தான். tan(cos⁻¹ x) விடையில் x-க்குப் பதிலாக 1/x போட்டால் x√(1−1/x²) கிடைக்கும். x = −2 என்றால் −2 × √(3/4), அதாவது −√3. சரியாக இருக்கிறது. இந்த வெளியே நிற்கும் x-ஐ மூலக்குறிக்குள்ளே தள்ளினால்தான் √(x²−1) வரும். தள்ளும்போது x மிகை என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். √(x²) என்பது x அல்ல, அதன் எண்ணளவு |x|. முக்கோணம் வரைந்தபோது கர்ணத்துக்கு x என்று பெயர் வைத்தோமே, அங்கேயே இந்த அனுமானம் உள்ளே வந்துவிட்டது. ஆகவே x ≥ 1 என்றால் √(x²−1), x ≤ −1 என்றால் −√(x²−1) என்று பிரித்து எழுத வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில அமெரிக்க நுண்கணிதப் புத்தகங்களில் sec⁻¹-இன் வீச்சகத்தை வேறு மாதிரி எடுக்கிறார்கள். குறை எண்களுக்கு 180° முதல் 270° வரையுள்ள கோணங்களைத் தருகிறார்கள். அந்த ஏற்பாட்டில் sec⁻¹(−2) என்பது 240°, டேன்ஜென்ட் √3, பிரித்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. அந்த வசதிக்காகத்தான் அப்படி எடுத்திருக்கிறார்கள். நம் பாடநூல் 0° முதல் 180° வரை, 90° நீங்கலாக என்கிறது. இணையத்தில் கிடைத்த விடையும் புத்தகத்து விடையும் குறியில் மாறுபட்டால் முதலில் பார்க்க வேண்டியது எந்த வீச்சகத்தை வைத்துச் செய்திருக்கிறார்கள் என்பதை.

குறியைப் போலவே சார்பகமும் விடையை எழுதும்போது நழுவிப்போகும். sin(cos⁻¹(x−2)) என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் x−2 என்பது −1-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும், ஆகவே x 1 முதல் 3 வரை. விடை √(1−(x−2)²). x = 4 என்று போட்டால் மூலக்குறிக்குள் −3 வந்து நிற்கும். சார்பகத்தை எழுத மறந்தாலும் வர்க்கமூலம் காவலுக்கு நிற்கிறது. எல்லை தாண்டிய எண்ணை அது உள்ளே விடாது.

காவல் இல்லாத விடைகள்தான் ஆபத்து. cos(2cos⁻¹ x) என்பதைச் சுருக்குவோம். cos 2θ = 2cos²θ − 1, cos θ = x, ஆகவே விடை 2x²−1. மூலக்குறியும் இல்லை, பகுதியும் இல்லை. எந்த எண்ணைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும் பல்லுறுப்புக்கோவை. x = 3 என்றால் 17. எந்தக் கோணத்தின் கொசைனும் 17 ஆக முடியாது. கால்குலேட்டரில் cos⁻¹(3) என்று அழுத்தினாலே Math ERROR என்று வந்துவிடும், இரண்டால் பெருக்கும் வேலைக்கே போகாது. ஆக 2x²−1 என்று மட்டும் எழுதினால் விடை முழுமையில்லை. பக்கத்தில் −1 ≤ x ≤ 1 என்று எழுத வேண்டும். y = 2x²−1 என்ற பரவளையத்தில் இந்த எல்லைக்குள் அடங்கிய துண்டு மட்டுமே cos(2cos⁻¹ x)-இன் வரைபடம்.

இரண்டுக்குப் பதில் மூன்று மடங்கு எடுத்தால் 4x³−3x கிடைக்கும். இப்படி வரிசையாக வரும் கோவைகளுக்கு ரஷ்யக் கணிதவியலர் செபிஷேவின் பெயரை வைத்திருக்கிறார்கள். −1-க்கும் 1-க்கும் இடையில் இவை அனைத்தும் −1-க்குக் கீழேயோ 1-க்கு மேலேயோ போகாமல் ஏறி இறங்குகின்றன, ஏனென்றால் அங்கே அவை கொசைன்கள். எல்லையைத் தாண்டியதும் எண்ணளவில் 1-ஐக் கடந்து விறுவிறுவென வளர்ந்துகொண்டே போகின்றன. அங்கே அவை வெறும் பல்லுறுப்புக்கோவைகள். Cos⁻¹ x என்று சொல்ல அங்கே கோணமே கிடையாது.