பெண்டிங்கில் நிற்கும் பணம்: தடங்கல் இனிஷியலில் இருக்கலாம்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டி சப்ளை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் கருப்பசாமி, அப்பா முத்தையா. கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் இருந்த 2 லட்சம் ரூபாய் காயினை விற்கிறார். விற்ற உடனே 1% டி.டி.எஸ். பிடித்தம் 2,000 ரூபாய் போய்விடுகிறது. கட்டணமும் கழிந்து மீதி ரூபாய் வாலட்டில் நிற்கிறது. அதை வங்கிக்கு எடுக்கப் போனால் ‘பெண்டிங்’. நாலு நாள் ஆகியும் அதே சொல்தான். பேப்பர் வாங்கிய கடனுக்கு ஆள் வாசலில் நிற்கிறார்.

பெரும்பாலும் யாரும் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டார்கள். 2023 மார்ச் 7 முதல் இந்தியாவில் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்து, கணக்கு வைத்திருப்பவர் யார், பணம் யார் கைக்குப் போகிறது என்று அவை உறுதிசெய்தாக வேண்டும். அதற்காக உங்கள் வங்கிக் கணக்கில் 1 ரூபாய் போட்டுப் பார்க்கிறார்கள். அது சேரும்போது வங்கியில் உள்ள பெயர் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெயரை பான் அட்டைப் பெயரோடு கணினி ஒப்பிடுகிறது.

நம் ஊர்க்காரர்கள் சிக்குவது இங்கேதான். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால், அப்பா பெயரும் சேர்ந்து அட்டையில் MUTHIAH KARUPPASAMY என்று வந்திருக்கும். ஆதாரில் M Karuppasamy. பாஸ்புக்கில் KARUPPASWAMY M. மூவரும் ஒருவரே என்று தெருவில் எவரும் சொல்வார்கள். கணினிக்கு அது தெரியாது. ஆள் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று ஒதுக்கி வைத்துவிடும், அந்த வரிசை நகர நாளாகும்.

கருப்பசாமி அவசரத்தில் மனைவியின் கணக்கையோ, கடையின் நடப்புக் கணக்கையோ கொடுத்தால் சிக்கல் கூடும். பொதுவாகச் சொந்தப் பெயர்க் கணக்குக்கு மட்டுமே பணம் போகும். அதே எக்ஸ்சேஞ்சில் இன்னொரு கணக்கு தொடங்கினால், ஒரே பானில் இரண்டு கணக்கு என்று இரண்டுமே முடங்கக்கூடும். அவர் செய்ய வேண்டியது, எந்த விவரம் பொருந்தவில்லை என்று எழுத்தில் கேட்டு, டிக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்வது. பெயர்தான் என்றால் பாஸ்புக் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை, பான், ஆதார் மூன்றையும் அனுப்பலாம். நிரந்தரத் தீர்வு, வங்கிக்குப் போய்ப் பெயரை பானில் உள்ளபடி மாற்றுவதுதான்.

இன்னொரு நிறுத்தம் உங்கள் பாதுகாப்புக்கானது. பாஸ்வேர்டை மாற்றினாலோ, போன் மாறி ஓ.டி.பி. ஆப்பைப் புதிதாக இணைத்தாலோ பல எக்ஸ்சேஞ்சுகள் 24 மணி நேரத்துக்குப் பணம் எடுக்க விடாது. கணக்கைத் திருடியவன் முதலில் செய்வதும் அதைத்தான் என்பதே காரணம். இது தானாகவே விலகும்.

விலகாமல் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில் வந்துகொண்டிருந்தால், சந்தேகப் பரிவர்த்தனை என்று அரசுக்கு அறிக்கை போயிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படிப் போனதை வாடிக்கையாளரிடம் சொல்ல எக்ஸ்சேஞ்சுக்குச் சட்டம் அனுமதி தருவதில்லை. முன்பின் தெரியாதவரிடம் நேரடியாகக் காயின் வாங்கி விற்றிருந்தால், அந்த வங்கி வரவுகளின் விவரத்தைக் கேட்கும் முன்பே எடுத்து வையுங்கள்.

இவை எதிலும் சேராதது எக்ஸ்சேஞ்சே முடங்குவது. 2024 ஜூலை 18-இல் வாசிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோய், எல்லோருக்கும் பணம் எடுப்பது நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, 2025 அக்டோபரில்தான் அது திரும்பத் திறந்தது. திருட்டில் போகாத தன் 3,532 எக்ஸ்.ஆர்.பி. காயின்களுக்காக ஒரு பெண் வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். கிரிப்டோ ஒரு சொத்து, அதைப் பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபர் 25-இல் தீர்ப்பளித்தார். பெண்டிங்கில் நிற்பது உங்கள் சொத்துதான் என்று சொல்ல நமக்கு இப்போது அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

எத்தனை நாள் நின்றாலும், ‘வரி கட்டினால் விடுவிப்போம்’, ‘சரிபார்ப்பு டெபாசிட் போடுங்கள்’ என்று புதிதாகப் பணம் கேட்டால் அது எக்ஸ்சேஞ்ச் அல்ல, மோசடி. டி.டி.எஸ். விற்கும்போதே பிடிபடுகிறது, மீதி வரியை நீங்கள் வருமான வரித் துறையிடம் கட்டுகிறீர்கள். அப்படிக் கேட்ட நிமிடமே பேச்சை நிறுத்திவிட்டு 1930-க்கு அழையுங்கள்.