தொடக்கப்பள்ளி மாணவர்க்குச் சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தும் உரை: வினாவும் உவமையும் இணையும் பிசி வடிவம்

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கப்பள்ளிக்கு வருகைதரும் அறிவியலாளரையோ கதைசொல்லியையோ அறிமுகப்படுத்தும் உரை, பெரும்பாலும் பெரியோர் அவையின் வரவேற்புரையைச் சுருக்கியதாகவே அமைகிறது. இக்கட்டுரை, அவ்வுரைக்கு விடுகதையின் கட்டமைப்பு எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்குகிறது. தொல்காப்பியம் கூறும் பிசியின் இருவகையையும், உவமையின் நால்வகைத் தோற்றங்களையும் அடிப்படையாகக் கொண்டு, கடலாமை ஆய்வாளர் ஒருவரை 3ஆம் வகுப்பு மாணவர்க்கு அறிமுகப்படுத்தும் மாதிரியுரை ஒன்றை அமைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிமுகவுரை, பிசி, விடுகதை, உவமை, வினா, காத்திருப்பு நேரம், தொடக்கக் கல்வி.

முன்னுரை

விருந்தினரின் பெயர், பட்டம், பணியாற்றும் நிறுவனம், பெற்ற விருதுகள் என்னும் வரிசையில் அமையும் அறிமுகம், அவற்றின் மதிப்பை முன்பே அறிந்த அவைக்கு உரியது. முனைவர் பட்டம் என்பது எட்டு வயதுக் குழந்தையிடம் எந்தக் காட்சியையும் எழுப்புவதில்லை. அந்தக் குழந்தையிடம் வேறொரு காட்சி ஏற்கெனவே இருக்கக்கூடும். டேவிட் வேட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில், 4,807 குழந்தைகள் அறிவியலாளர் ஒருவரை வரையுமாறு கேட்கப்பட்டனர். வெள்ளை மேலங்கி, மூக்குக்கண்ணாடி, தாடி மீசை, ஆய்வகக் கருவிகள் ஆகிய அடையாளங்கள் வகுப்பு உயர உயரப் படங்களில் பெருகின. பெண் அறிவியலாளரை வரைந்த படங்கள் 28 மட்டுமே. அவற்றை வரைந்தோர் அனைவரும் சிறுமியர். ஆகவே, அறிமுகம் செய்பவர் ‘இவர் ஓர் அறிவியலாளர்’ என்று தொடங்கும்போது, விருந்தினர் பேசுமுன்னரே அந்தப் பழைய படம் குழந்தையின் மனத்தில் வந்து நின்றுவிடலாம். அவர் செய்யும் வேலையை முதலில் காட்டி, பெயரைப் பின்னர்ச் சொல்வது இதற்கு மாற்றாகும்.

பிசியின் இருவகை

வேலையைக் காட்டிப் பெயரை மறைத்துவைக்கும் வடிவம் தமிழில் நெடுங்காலமாக உள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் எழுவகை யாப்புகளுள் ஒன்றாகப் பிசியைச் சுட்டுகிறது. உவமையோடு பொருந்தி வருவது ஒருவகை; புலப்படும் இயல்புகளை எடுத்துரைத்துக் கேட்போர் துணியுமாறு விடுவது மற்றொரு வகை. இன்றைய விடுகதைகளிலும் இவ்விரண்டையும் காணலாம். அறிமுகவுரைக்கு இவ்வடிவம் பொருந்துவதற்குக் காரணம், இதில் வினாவும் சொல்லோவியமும் தனித்தனியே நிற்பதில்லை என்பதாகும். காட்சியே வினாவாகிறது; விடையைத் தேடும் முயற்சியே கேட்டலாகிறது.

எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. விடுகதையில் கேட்டவரே விடையையும் வைத்திருக்கிறார். அறிமுகவுரையில் இறுதி வினாவின் விடை விருந்தினருக்கு உரியது. அறிமுகம் செய்பவர் அதனைத் தாமே அவிழ்த்துவிட்டால், விருந்தினர் சொல்வதற்கிருந்ததை முன்கூட்டியே எடுத்துக்கொண்டவர் ஆகிறார்.

உவமையின் வகையைச் சொல்லிவிடுதல்

குழந்தைகளிடம் உவமை எளிதாகச் சென்றுசேரும் என்பது பாதி உண்மையே. ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்த்துகிறது. பூமி உருண்டை என்று சொன்ன குழந்தைகள் சிலர், உள்ளீடற்ற உருண்டையின் உள்ளே ஒரு தட்டையான தளத்தில் மக்கள் வாழ்வதாகக் கருதினர். வேறு சிலர், காலடியில் ஒரு தட்டையான நிலமும் வானத்தில் ஓர் உருண்டையான பூமியும் என இரண்டு பூமிகளைக் கொண்டனர். ‘பந்து போல’ என்னும் சொல்லை அவர்கள் மறுக்கவில்லை. தம் அனுபவத்தோடு அதனைப் பொருத்திக்கொள்ளவே இத்தகைய வடிவங்களைப் படைத்துக்கொண்டனர்.

இவ்விடத்தில் தொல்காப்பிய உவமவியல் கைகொடுக்கிறது. வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கும் உவமத் தோற்றங்களாக அங்கே சொல்லப்படுகின்றன. செயலால் ஒப்பது வினை. பயனால் ஒப்பது பயன். வடிவால் ஒப்பது மெய். நிறத்தால் ஒப்பது உரு. வளர்ந்தவர் எந்த வகை கருதப்பட்டது என்பதைச் சூழலால் உணர்ந்துகொள்வர். குழந்தையோ நான்கையும் ஒருசேர எடுத்துக்கொள்ளக்கூடும். கடலாமையின் முட்டை மேசைப்பந்து போன்றது என்றால், வடிவும் வெண்ணிறமும் ஒக்கும்; ஆனால் அது துள்ளும் என்றும் கெட்டியானது என்றும் குழந்தை எண்ணிக்கொள்ளலாம். ஆகவே, ஒப்பது எது, ஒவ்வாதது எது என இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது தேவையாகிறது.

மாதிரியுரை

கடலோரத்தில் இல்லாத ஓர் ஊரின் தொடக்கப்பள்ளிக்குப் பங்குனி ஆமைகளை ஆராயும் பெண் ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். தலைமையாசிரியர் முன்னதாகவே அவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும்: நாள்தோறும் கையால் செய்யும் வேலை எது? முதலில் எதைச் சொல்ல விரும்புகிறார்? எந்த வினாவை அவருக்காக விட்டுவைக்க வேண்டும்? இவற்றின் அடிப்படையில் ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் முடியும் உரை பின்வருமாறு அமையலாம்.

“ராத்திரி நேரம். கடற்கரையில யாருமே இல்ல. அலைச் சத்தம் மட்டும் கேக்குது. தண்ணிக்குள்ளேருந்து ஒருத்தி மெதுவா ஊர்ந்து வர்றா. காலு நாலு இருக்கு. எந்திரிச்சு நடக்க முடியாது. முதுகுல சுமை இருக்கு. இறக்கி வைக்க முடியாது. யாரு அவ?”

(காத்திருப்பு. ‘ஆமை’ என்னும் விடை வந்தபின்)

“ஆமாம், கடலாமை. நம்ம குளத்து ஆமை மாதிரி இதுக்கு விரல் தெரியிற காலு கிடையாது. பின்னங்கால் ரெண்டும் அகப்பை மாதிரி. அகப்பை என்ன செய்யும்? அள்ளும். இதுவும் அள்ளும், மணலை. எல்லாரும் கையை அகப்பை மாதிரி வச்சு அள்ளுங்க பாக்கலாம். குழி உங்க முழங்காலுக்கும் கொஞ்சம் மேல வரைக்கும் ஆழம். உள்ளுக்குள்ள குடம் மாதிரி. வாய் சின்னது, வயிறு பெருசு. குடம்னா பித்தளைக் குடம் இல்ல, வெறும் மணல்தான். வடிவம் மட்டும் அப்படி.

வீட்டுல கோழியை அடை வச்சா எத்தனை முட்டை வைப்பாங்க?”

(காத்திருப்பு. ‘பத்து’, ‘பன்னிரண்டு’ போன்ற விடைகள்)

“இந்த அம்மா ஒரே ராத்திரியில நூறு முட்டை அளவுக்கு இடுவா. மணலைப் போட்டு மூடிட்டு கடலுக்குப் போயிடுவா. திரும்பி வரவே மாட்டா. ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் கழிச்சு குஞ்சுங்க மணலை விலக்கிக்கிட்டு வெளியே வரும். ஒவ்வொண்ணும் உங்க உள்ளங்கைக்குள்ள அடங்கும். அப்பவும் ராத்திரி. கூட்டிட்டுப் போக அம்மா இல்ல. கடல் எந்தப் பக்கம்னு அந்தக் குஞ்சுக்கு எப்படித் தெரியும்?”

(நீண்ட காத்திருப்பு. வரும் விடைகள் அனைத்தையும் ஏற்று, எதையும் சரி என்றோ தவறு என்றோ சொல்லாமல்)

“ராத்திரி ராத்திரியா கடற்கரையில நடந்து, இதைக் கண்ணால பாத்த ஒரு அக்கா நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்காங்க. அவங்க பேரு ... . அவங்ககிட்டயே கேப்போம்.”

மாதிரியுரையின் அமைப்பு

முதற்பகுதி பிசியின் இரண்டாம் வகையைச் சார்ந்தது. உவமை இன்றிப் புலப்படும் இயல்புகளால் மட்டும் அமைந்தது. கடலைக் காணாத குழந்தையும் குளத்து ஆமையைக் கொண்டு விடையை எட்ட முடியும். அகப்பை உவமை மெய்யால் தொடங்கினாலும் வினையில் நிலைகொள்கிறது. கையசைவு அந்த வினையை உடலில் பதிக்கிறது. குடம் மெய்யுவமை, ஒவ்வாத பகுதி அங்கேயே நீக்கப்பட்டுவிட்டது. துடுப்பு என்பது உருவத்தால் இன்னும் நெருக்கமான ஒப்பு. ஆயினும் படகைக் காணாத ஊரில் அது அறியாததை அறியாததால் விளக்குவதாகிவிடும்.

விடைக்காகக் காத்திருக்கும் வினாக்கள் மூன்றே. முதல் வினா ஊகிக்கத்தக்கது, இரண்டாவது வீட்டு அனுபவத்தால் விடை காணத்தக்கது, மூன்றாவது திறந்துவிடப்பட்டது. ‘கடலைப் பார்த்திருக்கிறீர்களா?’ என்பது போன்ற வினா இங்கு இடம்பெறவில்லை. ‘ஆமாம்’ என்னும் கூட்டொலியோடு அது முடிந்துவிடும். காணாத குழந்தையும் அக்கூட்டொலியில் சேர்ந்துகொள்ளும். அடைகாக்காத முட்டைக்கு வெப்பம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதும் நல்ல வினாவே. ஆயினும் திறந்த வினாக்கள் இரண்டானால் கவனம் பிளவுபடும்.

நீக்கப்பட்ட மற்றொரு செய்தியும் உண்டு. இரவில் ஆமைகளைத் தேடி நடப்போர் சிவப்புத்தாள் சுற்றிய கைவிளக்கைப் பயன்படுத்துவதுண்டு. கண்ணைக் கவரும் காட்சியாயினும் அது வெளிச்சத்தைச் சுட்டிவிடுகிறது. குஞ்சுகள் ஒளிமிகுந்த அடிவானத்தை நோக்கி நகர்கின்றன என்பதும், தெருவிளக்குகள் அவற்றைத் திசைமாற்றுகின்றன என்பதும் விருந்தினர் சொல்ல வேண்டிய விடைகள்.

காத்திருப்பு நேரம்

வினா சிறந்ததாயினும் உடனே அடுத்த தொடர் தொடங்கிவிட்டால் பயனில்லை. மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் நிகழ்த்திய ஆய்வுகள், ஆசிரியர்கள் வினாவுக்குப்பின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்தனர் எனக் காட்டின. அது மூன்று வினாடி அல்லது அதற்கு மேலானபோது மாணவர் விடைகள் நீண்டன, விடையளிக்காமை குறைந்தது, வழக்கமாகப் பேசாத மாணவரும் பேசினர். விடை வந்தபின் காக்கும் அமைதியையும் அவர் வேறாகக் கணக்கிட்டார். மூன்றாம் வினாவுக்குப்பின் இந்த இரண்டாம் அமைதி இன்றியமையாதது. ‘அலைச் சத்தத்தை வைத்து’ என ஒரு குழந்தை சொன்னவுடன் ‘இல்லை’ என்று மறுத்தால், அடுத்த குழந்தையின் ஊகம் வெளிவராமலே நின்றுவிடும்.

கதைசொல்லியாயின்

கதைசொல்லியை அறிமுகப்படுத்துகையில் கதையின் சுருக்கத்தையோ அதன் நீதியையோ சொல்லுதல் மேற்கூறிய பிழையின் மறுவடிவமே. இங்குப் பிசி கதையை விடுத்து, கதை சொல்லும் கருவியின்மேல் அமையலாம். வில்லுப்பாட்டுக் கலைஞராயின், ‘வில்லை வச்சு என்ன செய்வாங்க?’ என்னும் வினாவுக்கு ‘அம்பு விடுவாங்க’ என்னும் விடை இயல்பாக வரும். ‘இந்த வில்லு அம்பே விடாது. உடம்பெல்லாம் மணி கட்டியிருக்கும். கோலால அடிச்சா கதை வரும். எப்படி?’ என்பதே இறுதி வினாவாக நிற்கும். விடையைக் கலைஞரின் வீசுகோல் சொல்லும்.

முடிவுரை

இத்தகைய அறிமுகம் பயன்பட்டதா என்பதை இருவகையில் அறியலாம். ஒன்று, விருந்தினரிடம் குழந்தைகள் கேட்கும் முதல் வினா. அது குஞ்சைப் பற்றியதாக இருந்தால், அறிமுகம் தன் பணியைச் செய்தது. அவருடைய ஊரையும் வயதையும் பற்றியதாக இருந்தால், காட்சி மனத்தில் படியவில்லை. மற்றொன்று, மறுநாள் குழந்தைகள் வரையும் குழியின் படம். மணலுக்குள் பித்தளைக் குடம் ஒன்று புதைந்திருக்குமாயின், உவமையின் எல்லை சொல்லப்பட்டும் சென்றுசேரவில்லை என்பது விளங்கும். அப்போது திருத்தவேண்டியது உவமையின் சொல்லாட்சியே. குழந்தையின் படம் அதற்குரிய சான்றாக அமைகிறது.