வீட்டு மருந்துப்பெட்டி – 14: காற்றுப் புகாத குழி

தீப்புண்ணில் பற்பசை பூசக் கூடாது என்பதுடன் சென்ற வாரம் நின்றோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் கால்.

ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலம் வெட்டி மூட்டம் போடும் ஒருவர் ரப்பர் செருப்போடு முள்ளை மிதித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறுகிறது. பிடுங்கி எறிந்தால் இரண்டு சொட்டு ரத்தம், பிறகு ஒரு புள்ளி. அரிவாள் வெட்டென்றால் ஊரே ஓடிவரும். இந்தப் புள்ளியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ரண ஜன்னி எனும் டெட்டனஸ் கிருமிக்கு இப்படிப்பட்ட இடம்தான் வசதி. துரு ஏறிய ஆணிதான் விஷம் என்ற பேச்சு தவறு. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் விதைத்துகள்கள்தான் காரணம். பளபளக்கும் புது ஆணியும் அவற்றை உள்ளே கொண்டுபோகும்.

இதை நிரூபிக்க உதவியவரின் கதையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1880களின் இறுதியில் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிடசாடோ ஷிபாசபுரோ என்ற ஜப்பானியர் இருந்தார். சீழிலிருந்து இந்தக் கிருமியைத் தனியே பிரித்தெடுக்க முயன்றவர்கள் எல்லாரும் தோற்றிருந்தார்கள். எப்போதும் வேறு கிருமிகள் கூடவே வளர்ந்தன. இது தனியாக வாழவே வாழாது என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். கிடசாடோ அந்தக் கலவையை 80 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் சூடாக்கினார். கூட்டாளிகள் செத்தன, டெட்டனஸின் விதைத்துகள்கள் மட்டும் தப்பின. அடுத்து, ஆமை ஓடு போன்ற தட்டைக் கண்ணாடிக் குடுவையில் காற்றை வெளியேற்றி ஹைட்ரஜனை நிரப்பினார். கிருமி தழைத்தது. ஆண்டு 1889. 2024இல் ஜப்பான் வெளியிட்ட புதிய ஆயிரம் யென் நோட்டில் இருப்பது அவர் முகம்தான்.

ஆமைக் குடுவையில் அவர் செய்த வேலையை உள்ளங்காலில் முள் செய்துவிடுகிறது. ஆழத்தில் நசுங்கிய சதை, சிறிது மண், மேலே மூடிக்கொண்ட வாய். ஆக்ஸிஜன் இல்லாத அந்தக் குழியில்தான் விதைத்துகள் முளைத்து நஞ்சைச் சுரக்கிறது. சாணமோ சுண்ணாம்போ அப்பி வாயை அடைப்பது அதற்குச் செய்யும் உபகாரம்.

மூட்டக்காரரிடம் திரும்புவோம். முதலில் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். நுனி வெளியே தெரிந்தால், இடுக்கியால் முள் ஏறிய கோணத்திலேயே இழுக்கலாம். ஆழத்தில் முறிந்திருந்தால் ஊசியால் குடையக் கூடாது; அது டாக்டர் வேலை. மர முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். பிறகு ஓடும் நீரில் சோப்புப் போட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் கழுவ வேண்டும். தண்ணீரை ஓட்டைக்குள் பீய்ச்சி அடிக்க வேண்டாம். சுற்றிலும் பொவிடோன் அயோடின் தடவி, சுத்தமான துணிக்கட்டைத் தளர்வாகப் போட்டு, தினமும் மாற்றினால் போதும்.

செருப்பையும் பார்க்க வேண்டும். ஓட்டையில் ரப்பர் துணுக்கு பெயர்ந்திருந்தால் அது காலுக்குள் இருக்கலாம். செருப்பைத் துளைத்து ஏறிய புண்ணில் சூடோமோனாஸ் என்ற இன்னொரு கிருமி எலும்புவரை போய்விடுவதுண்டு. முதல் சில நாளில் குறைந்த வலி மறுபடி ஏறினால், காலூன்ற முடியாவிட்டால், சிவப்பு பரவினால் தாமதிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் போகலாம் என்பதால் அவர் அன்றைக்கே போக வேண்டும்.

எவ்வளவு கழுவினாலும் ஊசிக்கு அது ஈடில்லை. மண் பட்ட குத்துக்காயத்தில், முன்பே மூன்று தவணை போட்டவருக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் இன்னொன்று தேவை. ஆகாதவருக்கு வேண்டாம், ஒவ்வொரு கீறலுக்கும் 'டிடி' கேட்பது வீண் பழக்கம். மூன்று தவணை முடிக்காதவருக்கும் நினைவில்லாதவருக்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும், ஏனென்றால் தடுப்பூசி வேலை செய்யச் சில நாள் பிடிக்கும். நோய் காட்டுவது பொதுவாக 3 முதல் 21 நாளில். முதலில் தாடை இறுகும். அதற்குள் காலிலிருந்த புள்ளி ஆறிப்போயிருக்கலாம். விநோதம், இந்த நோயிலிருந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சு, உடலுக்குப் பாடம் கற்பிக்கப் போதாத அளவுதான். எனவே பிழைத்தவருக்கும் ஊசி உண்டு.

இம்யூனோகுளோபுலினுக்கு முன் குதிரை ரத்தத்தில் மருந்து எடுத்த கதையை இந்த வாரமே சொல்வதாக இருந்தது. கிடசாடோ பக்கத்தைத் தின்றுவிட்டார். 1890இல் அவரோடு சேர்ந்து அந்த வழியைத் திறந்த பெரிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது, கிடசாடோவுக்கு இல்லை. அதுவும் குதிரையும் அடுத்த வாரம்.