தொய்வில்லாத கம்பி வலை

தோட்டத்தைச் சுற்றிப் புதிதாகப் போட்ட கம்பி வலை வேலி ஆறே மாதத்தில் தொங்கினால், பழி பெரும்பாலும் கம்பியின் தரத்தின் மேல் விழும். உண்மையில் கோளாறு, இழுத்துக் கட்டிய விதத்தில்தான் இருக்கும்.

ஐந்தடி உயர வலை, ஐம்பதடிச் சுருள், பத்தடிக்கு ஒரு கால் என்று வைத்துக்கொள்வோம். மூலைக்காலுக்கு முட்டு கொடுத்து, கான்கிரீட் ஒரு வாரமாவது இறுகிய பிறகே இழுவை தொடங்க வேண்டும். இல்லையென்றால் வலைக்குப் பதில் கால் சாய்ந்துவிடும். முதலில் மேல், நடு, கீழ் என மூன்று கம்பிகளை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். வலையின் ஒரு முனையை மூலைக்காலில் கட்டிவிட்டு, மறுமுனைக் கண்ணிகளுக்குள் நெடுக ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, அதை மேலும் கீழும் இரண்டு இடத்தில் புல்லரால் சமமாக இழுப்பார்கள். நடுவில் மட்டும் கொக்கி போட்டால் அங்கே வலை விறைத்து, மேலும் கீழும் தளர்ந்து நிற்கும். அவசர வேலையில் அதிகம் நடப்பது இதுதான்.

இழுவை போதுமா என்று அறிய, ஒரு கண்ணியின் இரு பக்கங்களையும் விரல்களால் அழுத்திப் பார்க்கலாம். கால் அங்குலம் நெருங்கினால் சரி. தாராளமாக மடங்கினால் இன்னும் இழுக்க வேண்டும். அளவுக்கு மீறினால் கண்ணிகள் நீண்டு வலையின் உயரம் குறையும்.

கட்டுக்கம்பியால் காலுக்குக் கால் ஓரடி இடைவெளியிலும், மேல்கம்பியில் இரண்டடிக்கு ஒன்றாகவும் முடிச்சுப் போட்டு, முனைகளை உள்பக்கம் மடக்கிவிட வேண்டும். புல்லரை எல்லா முடிச்சும் முடிந்த பிறகே கழற்றுவார்கள்.