எதிர்ப்பக்கச் சாலையில் விழும் பின்

துரைப்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையின் மேற்கு ஓரத்து அலுவலகத்தில் இருந்துகொண்டு அடையாறுக்கு டாக்ஸி புக் செய்கிறார் ஒருவர். மத்திய கைலாஷ் நோக்கிப் போகும் வண்டிகள் ஓடுவதும் அதே மேற்கு ஓரத்தில்தான். வண்டி நேரே வாசலுக்கு வர வேண்டும். ஆனால் பிக்கப் பின் விழுந்திருப்பதோ மீடியனுக்கு அந்தப் பக்கம், சிறுசேரிக்குப் போகும் சாலையில். ஓட்டுநர் அங்கே போய் நின்று, "எங்க சார் இருக்கீங்க?" என்று போன் செய்கிறார். இந்தப் பக்கம் வர அவர் அடுத்த யூ-டர்ன் வரை போக வேண்டும். அவரைக் கடிந்துகொள்வது அநியாயம். பின் காட்டிய இடத்துக்குத்தான் அவர் வந்திருக்கிறார்.

பின் ஏன் தாண்டிப் போகிறது? செயற்கைக்கோள் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. திறந்தவெளியில் பிழை சில மீட்டர்தான். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அப்படி ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு தாமதமானாலும் தூரக் கணக்கு 30 மீட்டர் பிசகிவிடும். கட்டடத்துக்குள்ளே சிக்னலே சரியாக எட்டாது. அக்கம்பக்கத்து வைஃபையை வைத்து போன் உத்தேசமாக ஓர் இடத்தைச் சொல்லும்.

அடுத்து செயலி தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. கார் சுவருக்குள் வராது என்பதால், கிடைத்த இடத்தை அருகிலுள்ள சாலைக் கோட்டின் மேல் கொண்டுபோய் ஒட்டுகிறது. மீடியன் உள்ள சாலை வரைபடத்தில் இரண்டு கோடுகள். இடம் கிழக்கே கொஞ்சம் தள்ளிப் பதிவாகியிருந்தால் எதிர்க்கோடு அருகில் வந்துவிடும். மேற்கே தள்ளினால் கட்டடத்தின் பின்பக்கச் சந்து.

நீலப் புள்ளியைச் சுற்றிய வெளிர்நீல வட்டத்தைப் பாருங்கள். அது சாலையின் இரு பக்கத்தையும் மூடியிருந்தால், எந்தப் பக்கம் என்று போனுக்கே நிச்சயமில்லை. வாசலுக்கு வந்து வானம் தெரியும் இடத்தில் சற்று நின்றால் வட்டம் பெரும்பாலும் சுருங்கும். எங்கே நின்றாலும் சுருங்காவிட்டால், போன் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு Precise Location அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னை நகர்த்தும்போது பலர் வரைபடத்தைப் பெரிதாக்காமலே இழுக்கிறார்கள். விரல் கொஞ்சம் அசைந்தாலே பின் தெரு மாறிவிடும். இரண்டு கோடுகளும் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். பல செயலிகளில் பின் நடுவிலேயே நிற்கும். நகர்வது அடியிலுள்ள வரைபடம். உங்கள் வாசலையொட்டிய கோடு பின்னின் முனைக்குக் கீழே வந்ததும் விரலை எடுத்து, அது அங்கேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு உறுதிசெய்யுங்கள். மறுபடி தாவினால், பட்டியலில் காட்டும் கேட்டின் பெயரைத் தேர்ந்தெடுப்பது மேல்.

புக் செய்த பிறகு கவனித்தாலும் சில செயலிகளில் பிக்கப்பைக் குறிப்பிட்ட தூரத்துக்குள் மாற்றலாம், கட்டணம் மாறக்கூடும். முடியாவிட்டால், ஓட்டுநர் யூ-டர்னைத் தாண்டும் முன்பே, "மத்திய கைலாஷ் போற சைடுல நிக்கிறேன்" என்று மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.