மாதம் இரண்டு என்று சொல்லும் கணக்கு

"அண்ணே, எட்டு இம்பெல்லர் வேணும்."

"ரெண்டுதான் தம்பி இருக்கு."

மெக்கானிக் அந்த இரண்டை வாங்குவதில்லை. அடுத்த கடைக்குப் போய்விடுவார். போர்வெல் மோட்டாரில் இம்பெல்லர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தண்ணீரோடு வரும் மணல் எல்லாவற்றையும் சேர்த்தே அரிக்கும். அதனால் பம்பை ஒருமுறை மேலே தூக்கினால் மொத்தமாக மாற்றுவார்கள். எட்டு தேவைப்படுபவருக்கு இரண்டு இருப்பதும் ஒன்றுமே இல்லாததும் ஒன்றுதான்.

இரண்டு எப்படி வந்தது? மார்ச்சில் 10, ஆகஸ்டில் 8, நவம்பரில் 6 விற்றதாக வைத்துக்கொள்வோம். மற்ற ஒன்பது மாதமும் சைபர். வருடத்துக்கு 24, மாதத்துக்கு 2. கூட்டல் வகுத்தலில் பிழையில்லை. ஆனால் இரண்டு இம்பெல்லர் விற்ற மாதம் என்று ஒன்றுகூட இல்லை.

சமீபத்திய விற்பனைக்குக் கூடுதல் மதிப்புத் தரும் சராசரியும் இங்கே உதவாது. புது மாத விற்பனைக்கு ஐந்தில் ஒரு பங்கு, பழைய கணிப்புக்கு மீதி என்று போட்டால், 2 ஆக இருந்த கணிப்பு மார்ச் விற்பனை முடிந்ததும் 3.6 ஆக ஏறும். பிறகு சைபர் சைபராக வர, ஜூலை முடிவில் ஒன்றரைக்கும் கீழே வந்து நிற்கும். அடுத்த மாதமே எட்டு கேட்டு ஆள் வருகிறார். விற்று முடித்த கையோடு அதிகம் வாங்கச் சொல்லி, தேவை நெருங்கும்போது குறைக்கச் சொல்லும் கணக்கு இது.

1972இல் கிராஸ்டன் என்பவர் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரே எண்ணைத் துரத்தாமல் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டார்: வாங்கினால் எத்தனை வாங்குகிறார்கள்? ஒரு விற்பனைக்கும் அடுத்ததற்கும் எத்தனை மாத இடைவெளி? விற்பனை நடந்த மாதத்தில் மட்டும் இரண்டையும் திருத்த வேண்டும். சைபர் மாதத்தில் கை வைக்கக் கூடாது. நம் இம்பெல்லருக்கு விடை, சுமார் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய எட்டு. எட்டை நான்கால் வகுத்தால் அதே இரண்டுதான் வரும். ஆனாலும் கடைக்காரருக்கு இப்போது வேண்டியது தெரிந்துவிட்டது. அலமாரியில் இரண்டு போதாது, ஒரு வேலைக்கான முழு எட்டாவது இருக்க வேண்டும். பத்து இருந்தால் மார்ச் மாதிரி வந்தாலும் சமாளிக்கலாம்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு, அதில் பணம் முடங்கும். அந்த மாடல் பம்பையே ஊரில் யாரும் போடுவதில்லை என்றானால் விற்பனை நின்றுவிடும். விற்பனை இல்லையென்றால் திருத்தமும் இல்லை. கணிப்பு பழைய எண்ணையே வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும். 2011இல் டொய்ண்டர், சிண்டெடோஸ், பாபாய் மூவரும் இதைச் சரிசெய்தார்கள். இடைவெளிக்குப் பதிலாக, ஒரு மாதத்தில் விற்பனை நடக்கும் வாய்ப்பை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் சைபர் மாதங்களிலும் திருத்தினார்கள். நம் சரக்குக்கு அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. மாதந்தோறும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே போனால், விற்காத ஒரு வருடத்தில் அது ஐம்பதில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் புதுச் சரக்கு எடுக்காமல், அலமாரியில் இருப்பதை எப்படித் தள்ளுவது என்றுதான் பார்க்க வேண்டும்.