கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் முகமாற்றம்

வீடியோவில் ஒருவர் முகத்தில் இன்னொருவர் முகத்தைப் பொருத்த விலையுயர்ந்த கணினி வேண்டும் என்பது பாதி உண்மைதான். ஒரு முகத்துக்கென்றே நாள்கணக்கில் பயிற்சி கொடுக்கும் ‘டீப்ஃபேஸ்லேப்’ போன்ற மென்பொருளுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஆகாது. ‘ஃபேஸ்ஃபியூஷன்’ போன்றவை அப்படியல்ல. பயிற்சி முடித்த மாடலைப் பயன்படுத்துவதால் ஒரே ஒரு புகைப்படம் போதும். கணக்கு முழுவதையும் சாதாரண பிராசஸரே போட்டுவிடும். என்ன, மெதுவாகப் போடும்.

நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் பத்து நொடி வீடியோவை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 300 படங்கள். ஒவ்வொன்றிலும் முகத்தைத் தேடிப் பிடித்து, மாற்றி, திரும்ப ஒட்ட வேண்டும். பழைய லேப்டாப்பில் படத்துக்கு ஒரு நொடி என்று வைத்தால் ஐந்து நிமிடம். பொறுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் தெளிவில்தான் வருகிறது. இங்கே பரவலாகப் பயன்படும் மாடலின் பெயர் `inswapper_128`. அது முகத்தை 128-க்கு 128 பிக்சல் அளவில்தான் வரைந்து தருகிறது. குளோசப்பில் முகம் 400 பிக்சல் அகலம் இருந்தால், அந்தச் சின்னப் படத்தை மூன்று மடங்குக்கு மேல் இழுத்து ஒட்ட வேண்டியிருக்கும். முடியும் சட்டையும் கூர்மையாகத் தெரிய, முகம் மட்டும் மங்கலாக நிற்கும். அதைச் சரிசெய்ய ‘ஜிஎஃப்பிகான்’ போன்ற மெருகூட்டும் மாடலைச் சேர்ப்பார்கள். அது 512 பிக்சல் அளவில் வேலை செய்வதால் படத்துக்கு ஐந்தாறு நொடி கூடுதலாகக் கேட்கலாம். அப்போது ஐந்து நிமிட வேலை அரைமணி நேரத்தைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு லேப்டாப் சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் விறுவிறுவென்று ஏறிய எண்ணிக்கை சில நிமிடத்தில் தள்ளாடினால் காரணம் பெரும்பாலும் இந்தச் சூடுதான்.

என்னைக் கேட்டால், மெருகூட்டலை விட்டுவிட்டுக் காட்சியை மாற்றுவதே நல்லது. இடுப்புவரை அல்லது முழு உருவமும் தெரியும் ஷாட்டை எடுத்து, வீடியோவை 720 அளவுக்குக் குறைத்தால் முகம் 128 பிக்சலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இழுக்க வேண்டியதே இல்லை. ஆனால் அளவைக் குறைப்பதால் மாற்றும் வேலை வேகமாகும் என்று நினைக்க வேண்டாம். மாடலுக்கு எப்போதும் அதே 128தான். நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் ஃபிரேம்களைக் குறைக்க வேண்டும்:

```
ffmpeg -i in.mp4 -vf "scale=-2:720,fps=15" out.mp4
```

300 படங்கள் 150 ஆகும், நேரம் பாதியாகும். பேசும் காட்சிக்கு இது தாங்கும். நடனத்தில் அசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

மாடலின் பாதித்துல்லியப் பதிப்பும் கிடைக்கிறது. கோப்பின் அளவு பாதிதான் என்றாலும், பழைய பிராசஸர்கள் அந்த எண்களை முழுத்துல்லியத்துக்கு மாற்றியே கணக்கிடுவதால் வேகம் கூடாது.

முழு வீடியோவையும் ஓடவிடுமுன் ஒரு நொடித் துண்டை வெட்டிச் சோதியுங்கள். அந்தத் துண்டில் முகம் பக்கவாட்டில் திரும்பும் இடமும், கை வாயை மறைக்கும் இடமும் இருக்கட்டும். விரல்மேல் உதடு முளைப்பது அங்கேதான். முகத்துக்கு உரியவரின் சம்மதத்தை அதற்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.